ஒரே வயது, ஒரே பிபி, ஒருவனுக்கு மட்டும் "மறுபடி வா" என்கிறார்கள். உயரத்துக்கும் பிபிக்கும் என்ன சம்பந்தம்?

கவின் அப்பா:
என் மகனுக்குப் பத்து வயது. கால்பந்து அணியில் சேர உடல் தகுதிச் சான்று வேண்டும் என்றார்கள். அவனும் அவன் கூட்டாளியும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். இரண்டு பேருக்கும் மேல் அளவு 114 என்றே வந்தது, கீழ் அளவு என் மகனுக்கு 70, அவனுக்கு 68. கூட்டாளிக்கு அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். என் மகனிடம் மட்டும் "ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வா, பிபி கூடுதலா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் "பையன் குள்ளம், அதனால்" என்று ஒரே வரியில் பதில். என் மகன் 130 செ.மீ, அந்தப் பையன் 153. குள்ளமாக இருந்தால் பிபி நோய் வருமா? இல்லை, குள்ளமானவர்களுக்கு மட்டும் தனிச் சட்டமா? வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் கேட்கும் ஒரே கேள்வி, "அவனை மட்டும் ஏன் சேத்துக்கிட்டாங்க?"

சும்மா ஒருவன்:
வயதோடு நூறைக் கூட்டினால் வருவதுதான் சரியான பிபி என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பத்து வயது என்றால் 110. 114 என்றால் நாலு கூட. இதற்கெல்லாம் பயப்படலாமா? எனக்கு 46 வயது, 150 செ.மீ தான் இருக்கிறேன். நானும் குள்ளம்தானே, எனக்கு எவ்வளவு இருக்கலாம்?

செல்வி டீச்சர்:
வயதோடு நூறு என்பது பெரியவர்களுக்கே தப்பு, பிள்ளைகளிடம் கொண்டுவராதீர்கள்.

கவின் அப்பா, எனக்குத் தெரிந்தவரை உங்கள் மகன் விஷயத்தில் செய்தது சரி, கூட்டாளி விஷயத்தில்தான் தப்பு செய்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு வயது வாரியாக ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது, நான் மருத்துவ முகாம்களில் பார்த்திருக்கிறேன். அதில் பத்து வயதுப் பையனுக்கு 108/72 என்று போட்டிருக்கும். உயரம் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அப்படிப் பார்த்தால் இரண்டு பேருக்குமே 108-ஐத் தாண்டிவிட்டது. இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

நாடித்துடிப்பு:
டீச்சர் சொல்லும் அட்டவணை உண்மையானதுதான், 108/72 என்ற எண்ணும் சரி. ஆனால் அது சல்லடை, தராசு இல்லை. குழந்தைகள் சிறுநீரகப் பிரிவில் வேலை பார்க்கிறேன், வாரத்தில் பாதி நாள் இந்த அட்டவணையோடுதான் போகிறது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அந்தச் சின்ன அட்டவணையை எப்படிச் செய்தார்கள் என்றால், பெரிய அட்டவணையில் ஒவ்வொரு வயதிலும் மிகக் குள்ளமான பிள்ளைகளுக்கு உரிய எண்ணை மட்டும் பிடுங்கி எடுத்து வைத்தார்கள். உயரம் அளக்காமலே, யாரையும் தவறவிடாமல் "இவனை இன்னொரு தடவை பார்" என்று பிரித்தெடுக்க அது போதும். அதில் மாட்டியவர்களை உயரம் அளந்து பெரிய அட்டவணையில் பார்க்க வேண்டும். அங்கேதான் இந்த இரண்டு பையன்களும் பிரிகிறார்கள்.

2017-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி வெளியிட்ட அட்டவணையில் பத்து வயதுப் பையன் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் சுமார் 130 செ.மீ என்றால், அதாவது அந்த வயதில் நூறு பையன்களைக் குள்ளத்திலிருந்து வரிசையாக நிற்க வைத்தால் ஐந்தாவதாக நிற்பவன், அவனுக்கு மேல் அளவு 108-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும், 112-ஐத் தொட்டால் உயர் ரத்த அழுத்தத்தின் முதல் நிலை. நடுவில் நிற்பவன், 141 செ.மீ, அவனுக்கு அந்த இரண்டு எண்களும் 112, 116. தொண்ணூற்றைந்தாவதாக 153 செ.மீ-யில் நிற்பவனுக்கு 116, 121. இப்போது 114-ஐ மூன்று பேருக்கும் வைத்துப் பாருங்கள். குள்ளமானவனுக்கு அது முதல் நிலை, நடுவனுக்குக் கவனிக்க வேண்டிய அளவு, உயரமானவனுக்குச் சாதாரணம். கீழ் அளவு 70, 68 இரண்டுமே பிரச்சினை இல்லாதவை. ஆக உங்கள் மகனைத் திரும்பக் கூப்பிட்டதும் சரி, கூட்டாளிக்குக் கையெழுத்துப் போட்டதும் சரி. ஒரு வரியில் "குள்ளம்" என்று சொல்லி அனுப்பியதுதான் தப்பு.

ஒரே ஒரு நாள் அளவை வைத்து நோய் என்று யாரும் சொல்லக் கூடாது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வெவ்வேறு தடவை இப்படி வந்தால்தான் பேர் வைப்போம்.

சும்மா ஒருவன் சார், வளர்ந்து முடித்தவர்களுக்கு உயரம் பார்ப்பதே இல்லை. உங்கள் அளவு மற்ற பெரியவர்களின் அளவேதான்.

கணக்குப்பிள்ளை:
இதில் இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை, சாதாரண இயற்பியல். உயரமானவனுக்குத் தலை தூரத்தில் இருக்கிறது, இதயம் அவ்வளவு தூரம் ரத்தத்தை மேலே தள்ள வேண்டும். மோட்டார் போட்டு இரண்டாம் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதும் நாலாம் மாடிக்கு ஏற்றுவதும் ஒன்றா? ஒட்டகச்சிவிங்கிக்கு நம்மைப் போல இரண்டு மடங்கு பிபி இருப்பதும் இதனால்தான். கணக்கும் போட்டேன். பாதரசம் ரத்தத்தைவிடச் சுமார் 13 மடங்கு கனம், அதனால் 1.3 செ.மீ ரத்தம் ஏற 1 மி.மீ. பாதரச அழுத்தம். இரண்டு பையன்களுக்கும் 23 செ.மீ வித்தியாசம். வகுத்தால் 17 அல்லது 18 வருகிறது. முடிந்தது கதை.

நாடித்துடிப்பு:
கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் அட்டவணை சொல்லும் வித்தியாசம் 112-க்கும் 121-க்கும் நடுவே வெறும் 9 தானே. 18 எங்கே போனது? அந்த 23 செ.மீ-யும் கழுத்துக்கு மேலே இல்லை, பாதிக்கு மேல் கால்களில் இருக்கிறது. இதயத்திலிருந்து தலை வரை என்று பார்த்தால் ஐந்தாறு செ.மீ தான் கூடும், அதற்கு நாலு மி.மீ. போதும். அப்படியானால் மீதி எங்கிருந்து வருகிறது? இன்னொன்று, 24 மணி நேரமும் கையில் கட்டி அளக்கும் கருவிக்கும் உயர வாரியான அட்டவணை இருக்கிறது, அதில் பிள்ளை தூங்கும் நேரத்து அளவும் உயரத்தோடு ஏறத்தான் செய்கிறது. படுத்திருப்பவனுக்குத் தலை மேலே இல்லையே. ஆகத் தண்ணீர்த் தொட்டி விளக்கம் ஒரு பங்கு உண்மை, முழு உண்மை இல்லை.

மற்ற பங்கு இரண்டு. உடல் பெரிதானால் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் கூடுகிறது. அடுத்தது, எனக்கு இதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது, பிள்ளைகளிடம் உயரம் என்பது வளர்ச்சி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதன் அடையாளம். பத்து வயது என்பது பிறந்த தேதியிலிருந்து நாம் எண்ணிச் சொல்வது, அந்த வயதில் ஒருவன் உடல் எட்டு வயது மாதிரியும் இன்னொருவன் உடல் பன்னிரண்டு மாதிரியும் இருக்கும். பிபி பிள்ளைப் பருவம் முழுக்க ஏறிக்கொண்டே போவது. அது நாள்காட்டியைப் பார்த்து ஏறுவதில்லை, உடலைப் பார்த்து ஏறுகிறது. வயதை மட்டும் வைத்துக் கோடு போட்டால் உயரமான ஆரோக்கியமான பிள்ளைகளையெல்லாம் நோயாளி ஆக்கிவிட்டு, உண்மையிலேயே பிரச்சினை இருக்கிற குள்ளப் பிள்ளைகளை "120-க்குக் கீழேதானே, போ" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இந்த இரண்டாவது தப்புதான் எனக்குப் பயம். நாட்பட்ட சிறுநீரக நோய் பிள்ளையின் வளர்ச்சியைக் குன்ற வைக்கும், பிபியையும் ஏற்றும். வயது அட்டவணையில் நழுவிப்போவது யார் என்றால் நாங்கள் கண்டுபிடித்தே ஆக வேண்டிய அதே பிள்ளைதான். (கவின் அப்பா, உங்கள் மகனுக்கு அப்படி என்று சொல்லவில்லை, பெரும்பாலான குள்ளப் பிள்ளைகள் அப்பா அம்மாவைப் போலக் குள்ளம், அவ்வளவுதான்.)

கணக்குப்பிள்ளை:
சரி, கால்களை மறந்துவிட்டேன். ஒட்டகச்சிவிங்கிக்கு மட்டும் விடமாட்டேன், அதற்குக் கழுத்துதான் நீளம்.

ஊதாப்பூ:
அப்படியானால் எடையையும் சேர்க்க வேண்டியதுதானே? உடல் பெரிதானால் பிபி ஏறும் என்று நீங்களே சொல்கிறீர்கள். என் பையனுக்கு ஒன்பது வயது, 45 கிலோ, நல்ல வாட்டசாட்டமான உடம்பு. ஒவ்வொரு தடவையும் பிபி கூட இருக்கிறது என்கிறார்கள். உயரத்துக்குச் சலுகை கொடுப்பவர்கள் உடல்வாகுக்கு ஏன் கொடுப்பதில்லை? அவன் உடம்புக்கு அது சாதாரணமாக இருக்கலாமே.

நாடித்துடிப்பு:
இதைத்தான் யாராவது கேட்பீர்களா என்று காத்திருந்தேன். எடைக்கும் பிபிக்கும் உறவு உண்டு, பலமான உறவு. அதனால்தான் அதை அட்டவணையில் சேர்ப்பதில்லை.

உயரமாக இருப்பதால் ஒரு பிள்ளையின் ரத்தக் குழாய்க்கு எந்தக் கெடுதலும் இல்லை, அவன் பிபி கூடுதலாக இருப்பது வளர்ச்சியின் ஒரு பகுதி. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நோய் தெளிவாகத் தெரியும். கொழுப்பு கூடுவதால் ஏறும் பிபி அப்படி இல்லை, அதுவே நோய்க்கான வழி. அதற்கும் சலுகை கொடுத்து "இந்த எடைக்கு இது சரி" என்று கோடு போட்டால், எந்தக் காரணத்தால் பிபி ஏறியதோ அதையே காட்டி அதை நியாயப்படுத்தின மாதிரி ஆகும். பிள்ளை குண்டாகக் குண்டாகக் கோடும் கூடவே மேலே போகும், கடைசியில் யாருக்குமே பிபி இருக்காது, காகிதத்தில் மட்டும்.

இது வெறும் வாதம் இல்லை, ஒரு தடவை ஓரளவு நடந்தும்விட்டது. 2004 அட்டவணையைச் செய்தபோது எல்லா எடைப் பிள்ளைகளின் அளவுகளையும் சேர்த்தார்கள். 2017-இல் அதிக எடையும் உடல் பருமனும் உள்ளவர்களை விலக்கிவிட்டு, சாதாரண எடை உள்ள ஏறக்குறைய 50,000 பிள்ளைகளின் அளவுகளை மட்டும் வைத்துத் திரும்பக் கணக்கிட்டார்கள். நடுத்தர உயரமுள்ள பத்து வயதுப் பையனுக்கு 119 என்று இருந்த கோடு 116-க்கு இறங்கியது. அந்த மூன்று மி.மீ-யும் பருமனான பிள்ளைகள் பழைய கோட்டைத் தூக்கிப் பிடித்திருந்த அளவு.

உங்கள் பையன் அளவைத் தள்ளிவிட வேண்டாம் மேடம். ஆனால் ஒன்று கேளுங்கள், கையில் சுற்றிக் காற்று ஏற்றும் பட்டை, அந்தக் கஃப், எந்த அளவில் போட்டார்கள்? வாட்டசாட்டமான பிள்ளைக்குப் பொய்யாக ஏறுவதற்கு முதல் காரணம் அதுதான்.

இரவுப்பணி:
கஃப் பற்றி நான் சொல்கிறேன், இருபது வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். "பெரியவர் கஃப்", "குழந்தை கஃப்" என்று உறையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், கையை அளக்க வேண்டும். தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் சரிபாதியில் டேப் வைத்துச் சுற்றளவு எடுங்கள். கஃபுக்குள் காற்று நிரம்பும் பையின் அகலம் அந்தச் சுற்றளவில் குறைந்தது நாற்பது சதவீதம் இருக்க வேண்டும், நீளம் எண்பதிலிருந்து நூறு சதவீதம். கை 25 செ.மீ என்றால் பை 10 செ.மீ அகலமாவது வேண்டும். 45 கிலோப் பையனுக்கு "ஒன்பது வயதுதானே" என்று குழந்தை கஃப் கட்டினால் அளவு கண்டிப்பாக ஏறிக் காட்டும். சில பிள்ளைகளுக்குப் பெரியவர் கஃபே வேண்டியிருக்கும், அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

கவின் அப்பாவுக்கும் சொல்கிறேன். தகுதிச் சான்று வரிசையில் பிள்ளைகள் ஓடி வந்து நிற்பார்கள், அப்படியே கையில் மாட்டிவிடுவார்கள். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, கால் தரையில் பட்டு, பேசாமல் உட்கார்ந்த பிறகு வலது கையில் எடுக்கச் சொல்லுங்கள். இயந்திரம் கூடுதலாகக் காட்டினால் காதில் ஸ்டெத் வைத்துக் கேட்டு உறுதி செய்யச் சொல்லுங்கள், இயந்திரங்களுக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு. அப்புறம் உயரம். செருப்பு, ஷூ போட்டபடி அளந்தார்களா? பத்து வயதில் நாலு செ.மீ தப்பினால் பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடுவான், கோடு ஒன்று இரண்டு மாறும். ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்கு அதுவே போதும்.

செல்வி டீச்சர்:
சல்லடை என்ற விளக்கம் புரிந்தது, என் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். உயரப் பெர்சென்டைலை, அதாவது நூறு பேர் வரிசையில் எத்தனையாவது இடம் என்பதை, எங்கள் நாட்டு வளர்ச்சி வரைபடத்தில் பார்த்துவிட்டு, அந்தப் பெர்சென்டைலை இந்த அமெரிக்க அட்டவணையில் தேடலாமா?

நாடித்துடிப்பு:
கூடாது, இதைப் பலர் செய்கிறார்கள். ஒரு நாட்டு வரைபடத்தில் நடுவில் நிற்கும் பிள்ளை இன்னொரு நாட்டு வரைபடத்தில் கால்வாசியில் நிற்பான். அட்டவணையின் மேல் வரிசையிலேயே செ.மீ போட்டிருக்கிறார்கள், நேராக அந்தச் செ.மீ-யைத் தேடி அந்தக் கட்டத்தில் இறங்குங்கள், பெர்சென்டைல் என்ற வார்த்தையே தேவையில்லை. ஒரு நாட்டுப் பிள்ளைகளை வைத்துச் செய்த கோடு எல்லா நாட்டுக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி, அதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு.

நடு இரவு:
நான் வேறு மாதிரி மாட்டியிருக்கிறேன். என் தம்பி மகன் 140 செ.மீ தான், பன்னிரண்டு வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் 118 பக்கம், முதல் நிலை என்று எழுதி உப்பைக் குறை என்றார்கள். போன மாதம் பதின்மூன்று முடிந்தது. அதே 118 வந்தது, "சாதாரணம்" என்று எழுதிவிட்டார்கள். பிறந்தநாள் கேக் வெட்டியதும் நோய் போய்விடுமா?

நாடித்துடிப்பு:
இதற்கு நேர்மையான பதில், அட்டவணையில் இருக்கும் தையல் அது, அந்த இடத்தில் சரியாக ஒட்டவில்லை. பதின்மூன்று வயது வரை உயரம் பார்க்கும் முறை. அதற்கு மேல் பெரியவர்களைப் போல ஒரே கோடு, 120-க்குக் கீழ் சாதாரணம், 130-இலிருந்து முதல் நிலை. பன்னிரண்டு வயதில் 140 செ.மீ பையனுக்கு 116-லேயே முதல் நிலை, ஆகவே 118 மாட்டியது. பதின்மூன்றில் அதே எண் தப்பிவிடுகிறது. பெரியவர்களின் கோட்டோடு இணைய வேண்டும், சுலபமாகவும் இருக்க வேண்டும் என்றுதான் அந்த இடத்தில் வெட்டினார்கள். ஐரோப்பாவில் 2016 வழிகாட்டுதல் உயர அட்டவணையைப் பதினாறு வயது வரை கொண்டுபோகிறது, அதற்கு மேல் 140/90. ஆக இரண்டு கண்டங்களில் ஒரே பையனுக்கு இரண்டு முடிவு வரலாம். நான் பார்க்கும் பிள்ளை என்றால் இன்னும் வளராத குள்ளப் பையனை வயது தாண்டியதற்காக விட்டுவிடமாட்டேன், வருடத்துக்கு இரண்டு தடவையாவது பார்ப்பேன். ஆனால் இது என் வழக்கம், விதி இல்லை.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் வயதையே எடுத்துவிட்டு உயரத்தை மட்டும் வைத்தால் என்ன? எல்லாச் சண்டையும் தீர்ந்துவிடுமே.

நாடித்துடிப்பு:
அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், பிபியை உயரத்தால் வகுத்துப் பார்க்கும் முறையும் ஆராய்ச்சியில் இருக்கிறது. எனக்குத் தயக்கம் ஒன்றுதான். 141 செ.மீ எட்டு வயதுப் பிள்ளையும் 141 செ.மீ பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒன்றா? உயரம் வளர்ச்சியின் அடையாளம் என்றேன், முழு அடையாளம் என்று சொல்லவில்லை. இன்னொரு ஓட்டையும் உண்டு. பருமனான பிள்ளைகள் பருவமடைவதற்கு முன் வயதுக்கு மீறிக் கொஞ்சம் உயரமாகவும் வளர்வார்கள். எடைக்குக் கொடுக்க மாட்டோம் என்று சொன்ன சலுகை உயரம் என்ற பின்வாசல் வழியாக அவர்களுக்குக் கொஞ்சம் போய்விடுகிறது. அதை இன்னும் யாரும் திருப்தியாக அடைக்கவில்லை.

அதோடு இந்தக் கோடு எதுவுமே "இதற்கு மேல் போனால் இந்த வயதில் மாரடைப்பு வரும்" என்று பார்த்துப் போட்டதில்லை. பெரியவர்களுக்கு அப்படிப் போட முடிந்தது. பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சம்பவம் நடக்க நாற்பது வருடம் ஆகும். அதனால் ஆரோக்கியமான பிள்ளைகளில் மேலே உள்ள ஐந்து சதவீதம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக் கோடு போட்டார்கள். இது கூட்டத்தில் இடம் காட்டும் கோடு என்பதால்தான், எந்தக் கூட்டத்தோடு நிற்க வைக்கிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

ஊதாப்பூ:
கை அளந்தேன், 26 செ.மீ. அவர்கள் கட்டுவது குழந்தை கஃப் என்று ஞாபகம். அடுத்த தடவை கேட்கிறேன். எடை விஷயத்தில் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் புரிகிறது.

கவின் அப்பா:
இரண்டு வாரம் கழித்துப் போய் வந்தோம். ஷூவைக் கழற்றச் சொல்லி நானே கேட்டேன், 130.5. ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கை அளந்து கஃப் மாற்றி, ஸ்டெத் வைத்து இரண்டு தடவை எடுத்தார்கள். சராசரி 109/68. முதல் நிலை இல்லை, ஆனால் 108-ஐத் தாண்டியதால் ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். விளையாடலாம் என்று கையெழுத்தும் போட்டார்கள். மகனிடம் "உனக்குத் தனிக் கட்டம், அவனுக்குத் தனிக் கட்டம்" என்று படம் போட்டுக் காட்டினேன். "அப்போ நான் வளர்ந்தா என் கட்டமும் மாறுமா?" என்றான். மாறும் என்றேன். சுவரில் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறான்.

இரவுப்பணி:
ஆறு மாதம் கழித்துப் போகும்போது பழைய உயரத்தை வைத்துப் பார்க்க விடாதீர்கள், அன்று புதிதாக அளக்கச் சொல்லுங்கள். அதற்குள் மூன்று செ.மீ ஏறியிருப்பான்.